டிவியில் வைஃபை கடவுச்சொல் ஏறவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

ஏர்வாடியிலிருந்து கீழக்கரை, மண்டபம், தங்கச்சிமடம் வரை எந்த வீட்டுக்குப் போனாலும் புதிய ஸ்மார்ட் டிவியைப் பற்றி ஒரே புகார்தான் வருகிறது. “கைபேசியில் வைஃபை வேலை செய்கிறது, டிவியில் மட்டும் கடவுச்சொல் தவறு என்கிறது.” ரிமோட்டின் நான்கு அம்புக்குறிகளை அழுத்தி, திரையில் ஒவ்வோர் எழுத்தாகத் தேடிப் பிடித்து, இருபது எழுத்துக் கடவுச்சொல்லை முடித்த பிறகு வரும் அந்தச் செய்தி யாரையும் சோர்ந்துபோக வைக்கும். பெரும்பாலானோர் அதையே மறுபடி முதலிலிருந்து அடிக்கிறார்கள். அப்படிச் செய்ய வேண்டாம். கோளாறு எங்கே என்று முதலில் தெரிந்துகொண்டால், ரிமோட்டில் அடிக்கும் வேலையே இல்லாமல் போகலாம்.

உங்கள் டிவி காட்டும் அறிகுறிக்கான தலைப்புக்கு நேரே போங்கள். அதற்கு முன் ஒரே ஒரு சோதனை மட்டும் எல்லோருக்கும் பொது.

## முதல் சோதனை: கைபேசி ஹாட்ஸ்பாட்

உங்கள் கைபேசியில் ஹாட்ஸ்பாட்டைத் திறந்து, அதன் கடவுச்சொல்லைத் தற்காலிகமாக எட்டுச் சிறிய எழுத்துகளாக மாற்றுங்கள். எட்டுக்குக் குறைவாக வைஃபை ஏற்காது. எடுத்துக்காட்டாக:

```
kadalora
```

ஹாட்ஸ்பாட் அமைப்பில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையையும் WPA2 பாதுகாப்பையும் தேர்ந்தெடுங்கள். ஐபோன் என்றால் “Maximise Compatibility” என்பதை இயக்கினால் போதும். இப்போது டிவியை இந்த ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பாருங்கள்.

இணைந்துவிட்டால் டிவியின் வைஃபை நலமாக இருக்கிறது. கோளாறு கடவுச்சொல்லிலோ ரவுட்டரின் அமைப்பிலோதான் இருக்கிறது. இந்த எளிய கடவுச்சொல்லுக்கும் இணையவில்லை என்றால் வீட்டுக் கடவுச்சொல்லை எத்தனை முறை அடித்தும் பயனில்லை. கடைசித் தலைப்புக்குப் போங்கள். சோதனை முடிந்ததும் ஹாட்ஸ்பாட் கடவுச்சொல்லைப் பழையபடி மாற்றிவிடுங்கள்.

## அறிகுறி 1: “கடவுச்சொல் தவறு” என்று வருகிறது

### முதலில் புள்ளிகளை எண்ணுங்கள்

கடவுச்சொல்லை அடிக்கும்போது திரையில் எழுத்துகளுக்குப் பதில் புள்ளிகள் தோன்றும். அடித்து முடித்ததும், உறுதி செய்யும் பொத்தானை அழுத்துவதற்கு முன், அந்தப் புள்ளிகளை எண்ணுங்கள். தாளில் பதினாறு எழுத்து இருந்து திரையில் பதினேழு புள்ளி இருந்தால், எங்கோ ஓர் எழுத்து இரட்டித்திருக்கிறது அல்லது இடைவெளி ஒன்று நுழைந்திருக்கிறது. ரிமோட் பொத்தான் பழசாகித் தளர்ந்திருந்தால் ஒரே அழுத்தத்தில் இரண்டு எழுத்து விழுவது சகஜம். விசைப்பலகைக்கு மேலே வரும் சொற்பரிந்துரையைத் தொட்டுவிட்டால், சொல்லோடு சேர்ந்து பின்னால் ஓர் இடைவெளியும் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியாது. புள்ளிகளின் எண்ணிக்கைதான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

எண்ணிக்கை சரியாக இருந்தும் தவறு என்று வந்தால் “Show password” என்ற கட்டத்தில் குறியிட்டு எழுத்துகளைத் திரையில் வரவழைத்து, தாளோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். பெரிய எழுத்துக்கான அம்புக்குறியில் கவனம் வேண்டும். சில டிவிகளில் அதை ஒருமுறை அழுத்தினால் அடுத்த ஓர் எழுத்து மட்டும் பெரியதாகும். வேறு சிலவற்றில் மறுபடி அழுத்தும் வரை எல்லாமே பெரிய எழுத்தாக விழுந்துகொண்டிருக்கும்.

### கையில் இருக்கும் கடவுச்சொல்லே சரியா?

டிவியில் சரியாக அடித்தும் ஏறவில்லை என்றால், அடிப்பதற்கு வைத்திருக்கும் நகலைச் சந்தேகப்படுங்கள். நம் பகுதியில் பல வீடுகளில் ரவுட்டரை அமைத்தவர் விடுமுறைக்கு வந்த மகனாகவோ மருமகனாகவோ இருப்பார். அவர் திரும்பிப் போன பிறகு கடவுச்சொல் தொலைபேசி வழியாகச் சொல்லப்பட்டு, யாரோ ஒருவர் கேட்டு எழுதியதாக இருக்கும். `b`, `d`, `p` மூன்றும் தொலைபேசியில் ஒரே மாதிரி கேட்கும். `m`, `n` இரண்டும் அப்படியே.

எழுத்தாக அனுப்பினாலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வாட்ஸ்அப் செய்தியில் கடவுச்சொல்லின் முதலிலும் கடைசியிலும் `*` குறி இருந்தால், அது தடித்த எழுத்துக்கான கட்டளை என்று எடுத்துக்கொள்ளப்பட்டு இரண்டு குறிகளும் மறைந்துவிடும். `_`, `~` குறிகளுக்கும் இதே கதிதான். அனுப்புபவர் கடவுச்சொல்லுக்கு முன்னும் பின்னும் சாய்ந்த மேற்கோள் போன்ற இந்தக் குறியை ` மூன்று முறை வைத்து அனுப்பினால் எதுவும் மறையாது. அதோடு எழுத்துகள் எல்லாம் ஒரே அகலமுள்ள எழுத்துருவில் வரும். சாதாரண எழுத்துருவில் சிறிய `l`, பெரிய `I`, எண் `1` மூன்றும் வெறும் செங்குத்துக் கோடுகளாகத் தெரியும். இந்த எழுத்துருவில் அவற்றைப் பிரித்தறிய முடியும்.

ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்து அடிக்கிறீர்கள் என்றால், அதில் இருப்பது ரவுட்டர் வந்தபோது இருந்த கடவுச்சொல். பின்னர் யாராவது மாற்றியிருந்தால் அது செல்லாது. கடற்கரையோர வீடுகளில் அந்தச் சீட்டு ஈரத்தில் மங்கி, `8` எது `B` எது என்று தெரியாமல் போவதும் உண்டு. ஏற்கெனவே இணைந்திருக்கும் கைபேசியில் பார்ப்பதே நம்பகமானது. ஆண்ட்ராய்டு 10 முதல், வைஃபை பெயரைத் தொட்டுப் பகிர்வு பொத்தானை அழுத்தினால் கியூஆர் கட்டம் வரும். பல கைபேசிகளில் அதன் கீழே கடவுச்சொல்லும் எழுத்தாக இருக்கும். ஐபோனில் iOS 16 முதல் வைஃபை அமைப்பிலேயே கடவுச்சொல்லைப் பார்க்கலாம்.

### கீழக்கரை வீடு ஒன்றில் நடந்தது

ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் சேர்ந்து வந்தால் எப்படிப் பிரித்தறிவது என்பதற்கு ஒரு வீட்டைச் சொல்கிறேன். டிவி வளைகுடாவிலிருந்து கொண்டுவந்தது. ரவுட்டரை மகன் அமைத்துவிட்டுத் துபாய் திரும்பிவிட்டார். உம்மாவின் கைபேசியில் வைஃபை இருந்தது. ஆனால் அந்தக் கைபேசி கியூஆர் கட்டத்தை மட்டுமே காட்டியது, எழுத்தைக் காட்டவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் இன்னொரு கைபேசியில் ஸ்கேனர் செயலியை வைத்து அதைப் படித்துத் தாளில் எழுதிக் கொடுத்திருந்தான். கடவுச்சொல்லை மாற்றிச் சொல்கிறேன், அமைப்பு இதுதான்:

```
WIFI:T:WPA;S:Veedu;P:kL0lI8&mN\;4xR2~t;;
```

`P:` என்பதற்கும் கடைசியில் வரும் `;;` என்பதற்கும் இடையில் இருப்பதுதான் கடவுச்சொல். அவன் அதைப் பிழையின்றி எழுதியிருந்தான்: பதினேழு எழுத்து. டிவியிலும் பதினேழு புள்ளி. ஆனாலும் தவறு என்றே வந்தது.

காரணம் நடுவில் இருக்கும் `\` குறி. கியூஆர் கட்டத்துக்குள் `;` என்பது ஒரு பகுதி முடிந்துவிட்டது என்பதற்கான அடையாளம். கடவுச்சொல்லுக்குள்ளேயே `;` வந்தால், இது முடிவுக் குறி அல்ல என்று சொல்ல அதற்கு முன்னால் ஒரு `\` சேர்க்கப்படும். `,` `:` `"` `\` ஆகியவற்றுக்கும் இதே விதிதான். அந்த `\` கடவுச்சொல்லின் பகுதி அல்ல. அதை நீக்கினால் உண்மையான கடவுச்சொல் பதினாறு எழுத்து:

```
kL0lI8&mN;4xR2~t
```

இதை அடித்தோம். பதினாறு புள்ளி வந்தது. மறுபடியும் தவறு என்றது. “Show password” கட்டத்தில் குறியிட்டபோதுதான் அடுத்தது தெரிந்தது. `0` இருக்க வேண்டிய இடத்தில் சின்னஞ்சிறு புள்ளி ஒன்று இருந்தது. `8`, `4`, `2` மூன்றும் வேறு உருவத்தில் இருந்தன. டிவியின் விசைப்பலகை மொழி அரபு. எழுத்துகளுக்கு ஆங்கிலப் பக்கத்துக்கு மாறியவர்கள், எண்களை அரபுப் பக்கத்திலிருந்தே எடுத்திருக்கிறார்கள். அரபு எண்ணுருவில் பூஜ்யம் ஒரு புள்ளி; ஐந்து ஒரு சிறு வட்டம். அதனால் ஐந்தைப் பூஜ்யம் என்று நினைத்து அடிப்பவர்களும் இருக்கிறார்கள். வைஃபை கடவுச்சொல்லுக்கு ஆங்கில விசைப்பலகையில் உள்ள எழுத்து, எண், குறிகள் மட்டுமே பொருந்தும். டிவி அமைப்பில் விசைப்பலகை மொழியை ஆங்கிலமாக மாற்றி எண்களை மறுபடி அடித்ததும் இணைந்துவிட்டது.

வளைகுடா டிவி என்றால் கடவுச்சொல்லில் கைவைக்கும் முன்பே விசைப்பலகை மொழியைப் பார்த்துவிடுங்கள்.

### எல்லாம் சரி, ஆனாலும் தவறு என்கிறது

ஹாட்ஸ்பாட்டில் இணைந்தது, திரையில் கடவுச்சொல் எழுத்துப் பிசகாமல் இருக்கிறது, ஆனாலும் ஏறவில்லையா? இரண்டு காரணங்கள் மிஞ்சுகின்றன.

ஒன்று, டிவி பழைய கடவுச்சொல்லையே நினைவில் வைத்திருப்பது. வைஃபை பட்டியலில் உங்கள் பெயரைத் தேர்ந்து “Forget network” கொடுத்து, டிவியின் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி ஒரு நிமிடம் கழித்து மாட்டி, புதிதாக இணையுங்கள். ரிமோட்டில் அணைப்பது போதாது. அப்போது டிவி தூங்கத்தான் செய்கிறது, முழுதாக அணைவதில்லை.

இரண்டு, ரவுட்டர் WPA3 பாதுகாப்பு மட்டும் என்று அமைக்கப்பட்டிருப்பது. பழைய டிவிகளுக்கு அது புரியாது. புரியவில்லை என்று சொல்லத் தெரியாமல் கடவுச்சொல் தவறு என்றே சொல்லும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் பாதுகாப்பு வகையை `WPA2-PSK (AES)` என்றோ WPA2, WPA3 கலந்த வகை என்றோ மாற்றுங்கள். அமைப்புப் பக்கத்துக்கான முகவரி ரவுட்டரின் அடியில் அச்சிடப்பட்டிருக்கும்; பெரும்பாலும் `192.168.1.1`. உள்ளே போக முடியாவிட்டால் இணைப்புக் கொடுத்தவரிடம் இந்த மாற்றத்தை மட்டும் கேளுங்கள். அவர்களால் பெரும்பாலும் இருந்த இடத்திலிருந்தே செய்ய முடியும்.

## அறிகுறி 2: ரிமோட்டால் அடித்து முடிக்கவே முடியவில்லை

கடவுச்சொல்லில் உள்ள ஒரு குறி விசைப்பலகையில் கிடைக்கவில்லை, பாதியில் திரை பழைய பக்கத்துக்குப் போய்விடுகிறது, வயதானவர்களால் அம்புக்குறியோடு போராட முடியவில்லை. இவை எல்லாவற்றுக்கும் தீர்வு ஒன்றுதான்: ரிமோட்டில் அடிப்பதை விட்டுவிடுவது. எளிய வழியிலிருந்து வரிசையாகச் சொல்கிறேன்.

### குறி எங்கேயோ ஒளிந்திருக்கிறது

`&`, `#` போன்றவை `?123` என்ற பொத்தானுக்குப் பின்னால் இருக்கும். `~`, `^`, `\` போன்றவை அங்கிருந்து இன்னொரு பக்கம் தள்ளி, பெரும்பாலும் `=\<` என்ற பொத்தானுக்குப் பின்னால் இருக்கும். அந்த இரண்டாம் பக்கத்தைப் பலர் பார்த்ததே இல்லை. அங்கேயும் இல்லை என்றால் அந்தக் குறி உங்கள் டிவியில் இல்லை. அடுத்த வழிக்குப் போங்கள்.

### யுஎஸ்பி விசைப்பலகை

கணினிக்குப் பயன்படுத்தும் சாதாரண யுஎஸ்பி விசைப்பலகையை டிவியின் பின்னால் செருகுங்கள். எந்த மென்பொருளும் வேண்டாம். சில நொடிகளில் டிவி அதை ஏற்றுக்கொள்ளும். கடவுச்சொல் கட்டத்தில் நேரடியாக அடித்து எண்டர் தட்டினால் முடிந்தது. என் அனுபவத்தில் இதைவிட நம்பகமான வழி வேறில்லை. வீட்டில் இல்லாவிட்டால் ஜெராக்ஸ் கடையிலோ பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டிலோ பத்து நிமிடத்துக்கு வாங்கிக்கொள்ளலாம். முதலில் டிவியின் பெயர் மாற்றும் கட்டம் போன்ற எழுத்து தெரியும் இடத்தில் `@` அடித்துப் பாருங்கள். அதற்குப் பதில் `"` விழுந்தால் டிவி அதைப் பிரிட்டிஷ் விசைப்பலகையாக நினைத்துக்கொண்டிருக்கிறது. மொழி அமைப்பில் அமெரிக்க ஆங்கிலம் என்று மாற்றுங்கள்.

விலை குறைந்த சில டிவிகள் விசைப்பலகையை ஏற்காது. அதைத் தெரிந்துகொள்ள ஒரு நிமிடம் போதும்.

### இரண்டு கைபேசி வழி

கைபேசியை ரிமோட்டாக மாற்றும் செயலிகள் இருக்கின்றன. கூகுள் டிவி, ஆண்ட்ராய்டு டிவிகளுக்கு Google TV செயலி. மற்ற நிறுவனங்களுக்கு அவரவர் செயலி. இதில் கைபேசியின் விசைப்பலகையிலேயே அடிக்கலாம், நகலெடுத்து ஒட்டவும் செய்யலாம். ஆனால் டிவியும் கைபேசியும் ஒரே வைஃபையில் இருந்தால்தான் செயலி டிவியைக் கண்டுபிடிக்கும். டிவியை வைஃபையில் இணைப்பதற்குத்தானே இவ்வளவு பாடும்!

இங்கே முதல் சோதனையின் ஹாட்ஸ்பாட் மறுபடி உதவுகிறது. ஒரு கைபேசியில் எளிய கடவுச்சொல்லோடு ஹாட்ஸ்பாட்டைத் திறந்து, டிவியை அதில் இணையுங்கள். இரண்டாவது கைபேசியையும் அதே ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, அதில் ரிமோட் செயலியைத் திறந்து டிவியோடு சேருங்கள். இப்போது டிவியில் வைஃபை பட்டியலைத் திறந்து வீட்டு வைஃபையின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். கடவுச்சொல் கட்டம் வரும்போது இரண்டாவது கைபேசியில் விசைப்பலகைச் சின்னத்தைத் தொட்டு, நகலெடுத்து வைத்திருக்கும் கடவுச்சொல்லை ஒட்டி உறுதி செய்யுங்கள். அந்த நொடியில் டிவி ஹாட்ஸ்பாட்டை விட்டு வீட்டு வைஃபைக்குப் போகும். செயலியின் தொடர்பு அறுந்துபோகும். அது கோளாறு அல்ல, வேலை முடிந்ததற்கான அடையாளம்.

ஒட்டும்போது முன்னும் பின்னும் இடைவெளி சேர்ந்து வந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

டிவியை இன்னும் பெட்டியிலிருந்தே எடுக்கவில்லை என்றால் உங்களுக்கு வேலை குறைவு. கூகுள் டிவியின் முதல் அமைப்பின்போது கைபேசியிலிருந்து வைஃபை விவரத்தை அனுப்பும் வழி திரையிலேயே வரும். அதைத் தவிர்த்துவிட்டு ரிமோட்டில் அடிக்கப் போகாதீர்கள்.

### WPS பொத்தான்

ரவுட்டரின் பின்னால் WPS என்ற பொத்தானும், டிவியின் வைஃபை அமைப்பில் அதே பெயரில் ஒரு தேர்வும் இருந்தால், டிவியில் அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு இரண்டு நிமிடத்துக்குள் ரவுட்டரில் பொத்தானை அழுத்துங்கள். கடவுச்சொல்லே வேண்டாம். புதிய ரவுட்டர்கள் பலவற்றில் இது அணைக்கப்பட்டிருக்கும். WPA3 மட்டும் என்ற அமைப்பில் வேலை செய்யாது. எட்டு இலக்க எண்ணை அடிக்கும் WPS PIN முறை மட்டும் வேண்டாம். அதை உடைத்து உள்ளே வரலாம் என்பது 2011இலேயே வெளிப்பட்டுவிட்டது.

### கடவுச்சொல்லையே மாற்றுவது

எதுவும் கைகொடுக்கவில்லை என்றால் ரவுட்டரில் கடவுச்சொல்லை மாற்றலாம். ஆனால் இங்கேதான் பெரும்பாலோர் தவறான பக்கம் போகிறார்கள். அடிக்க எளிதாக இருக்கட்டும் என்று வீட்டில் யாருடைய கைபேசி எண்ணையாவது வைத்துவிடுகிறார்கள். நம் நாட்டுக் கைபேசி எண் பத்து இலக்கம், முதல் இலக்கம் 6 முதல் 9 வரை. அப்படிப் பார்த்தால் மொத்தம் 400 கோடி எண்கள்தான். வீட்டு வாசலில் நின்று வைஃபை அலையைப் பதிவுசெய்து போகிறவர், நல்ல கிராபிக்ஸ் அட்டை உள்ள கணினியில் சில மணி நேரத்தில் அத்தனையையும் முயன்று பார்த்துவிடுவார்.

நீளம்தான் பலம், குறிகள் அல்ல. குலுக்கிப்போட்டு எடுத்த பதினாறு சிறிய எழுத்துகள், பெரிய எழுத்து, எண், குறி எல்லாம் கலந்து அதேபோல் எடுத்த பதினொரு எழுத்துகளைவிட உடைப்பதற்குக் கடினமானவை. ரிமோட்டில் பதினாறு சிறிய எழுத்துகளை அடிக்கும்போது பக்கம் மாற வேண்டாம், பெரிய எழுத்து அம்பைத் தொட வேண்டாம், `0`, `O` குழப்பம் இல்லை. `l` என்ற எழுத்தைத் தவிர்த்துவிட்டால் இன்னும் நல்லது. ஊர்ப் பெயர், படகுப் பெயர், பிள்ளைகள் பெயர் வேண்டாம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத எழுத்துகளாக இருக்க வேண்டும்.

முதன்மைக் கடவுச்சொல்லை மாற்றினால் வீட்டிலுள்ள எல்லாக் கைபேசிகளும் கேமராவும் துண்டிக்கப்படும். அதைத் தவிர்க்க, ரவுட்டரில் விருந்தினர் வைஃபை இருந்தால் அதைத் திறந்து டிவிக்கு மட்டும் கொடுக்கலாம். ஒரு குறை உண்டு: விருந்தினர் வைஃபையில் இருக்கும் டிவியை முதன்மை வைஃபையில் இருக்கும் கைபேசி பார்க்காது. கைபேசியில் ஓடும் காணொளியை டிவிக்கு அனுப்ப முடியாது. அந்த வசதி வேண்டும் என்றால் முதன்மைக் கடவுச்சொல்லை மாற்றுவதே வழி.

## அறிகுறி 3: வீட்டு வைஃபையின் பெயரே பட்டியலில் இல்லை

விலை குறைந்த டிவிகள் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும். ரவுட்டரில் அது அணைக்கப்பட்டிருந்தால் கைபேசியில் தெரியும் பெயர் டிவியில் தெரியாது. அதை இயக்குங்கள். இரண்டு அலைவரிசையும் ஏற்கும் டிவியில் பெயர் தெரிந்து தெரிந்து மறைந்தால் தூரம்தான் காரணம். கீழக்கரையிலும் ராமேஸ்வரத்திலும் பவளக்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டிய பழைய வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்தத் தடித்த சுவர்கள் இரண்டைத் தாண்டினால் 5 கிகாஹெர்ட்ஸ் அலை பெரும்பாலும் மிஞ்சாது. ரவுட்டரைத் தற்காலிகமாக டிவி இருக்கும் அறையில் வைத்துப் பாருங்கள். பெயர் வந்துவிட்டால் ரவுட்டரின் இடத்தை மாற்ற வேண்டும், அல்லது டிவி வரை லேன் கேபிள் இழுக்க வேண்டும். கேபிள் என்றால் கடவுச்சொல்லே தேவையில்லை என்பது கூடுதல் லாபம். வீட்டுக்கு வெளியே சுவரோரமாக இழுக்க வேண்டாம். உப்புக்காற்றில் முனையின் செம்புப் பற்கள் பச்சைபிடித்துவிடும்.

## அறிகுறி 4: இணைந்துவிட்டது, ஆனால் படம் ஓடவில்லை

கடவுச்சொல் ஏறிவிட்டது என்பதால் அதைத் தொடாதீர்கள். கைபேசியில் மொபைல் டேட்டாவை அணைத்து, அதே வைஃபையில் இணையம் வருகிறதா என்று பாருங்கள். கைபேசியிலும் வரவில்லை, ரவுட்டரில் LOS என்ற விளக்கு சிவப்பாக எரிகிறது என்றால் கண்ணாடியிழை கேபிள் வழியாக ஒளி வரவில்லை; பெரும்பாலும் வெளியே கேபிள் அறுந்திருக்கும். உடனே இணைப்புக் கொடுத்தவரைக் கூப்பிடுங்கள்.

கைபேசியில் வருகிறது, டிவியில் மட்டும் வரவில்லை என்றால் டிவியின் தேதியைப் பாருங்கள். பிளக்கைக் கழற்றி மாட்டிய பிறகு சில டிவிகளில் ஆண்டு பல ஆண்டுகள் பின்னால் போயிருக்கும். தேதி தவறாக இருந்தால் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று எண்ணி டிவி எதையும் திறக்காது. தேதியை ஒருமுறை கையால் சரிசெய்து, இணையம் வந்ததும் தானியங்கி அமைப்புக்கு மாற்றிவிடுங்கள்.

## அறிகுறி 5: மின்தடைக்குப் பிறகு மறுபடி கடவுச்சொல் கேட்கிறது

ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் இந்தப் புகார் கூடிவிடும். மின்சாரம் திரும்பியதும் டிவி உடனே எழுந்துவிடுகிறது. ரவுட்டர் எழுந்து இணைப்பைப் பிடிக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அதற்குள் டிவி முயன்று தோற்று, கடவுச்சொல் கட்டத்தைத் திறந்து வைத்துவிடும். டிவி மறந்துவிட்டது என்று நினைத்து அவசரத்தில் அடிக்கும்போது ஓர் எழுத்து பிசகினால், நினைவில் இருந்த சரியான கடவுச்சொல்லும் போய்விடும்.

எதையும் அடிக்காமல் ரிமோட்டில் “Back” பொத்தானை அழுத்தி வெளியேறுங்கள். ஐந்து நிமிடம் பொறுத்து, ரவுட்டர் விளக்குகள் நிலையானதும் டிவியை அணைத்து மறுபடி போடுங்கள். தானாக இணைந்துவிடும். இது அடிக்கடி நடந்தால் ரவுட்டருக்கென்று 12 வோல்ட் சிறு யுபிஎஸ் ஒன்று வாங்கி வையுங்கள். வாங்கும் முன் ரவுட்டர் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட் அளவைப் பாருங்கள். அதே அளவுதான் வேண்டும்.

## அறிகுறி 6: ஹாட்ஸ்பாட்டிலும் இணையவில்லை, அல்லது வைஃபை இயங்கவே மறுக்கிறது

பிளக்கைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். பிறகு டிவியின் மென்பொருளைப் புதுப்பிக்க முயலுங்கள். லேன் கேபிளோ யுஎஸ்பி நினைவகமோ வேண்டியிருக்கும். அதற்கும் அசையவில்லை என்றால் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும் தேர்வைக் கடைசியாகச் செய்யலாம். செயலிகளில் போட்டிருந்த கணக்குகள் எல்லாம் போய்விடும் என்பதை வீட்டாரிடம் முதலில் சொல்லிவிடுங்கள்.

அதற்குப் பிறகும் பட்டியல் காலியாக இருக்கிறது, நெட்வொர்க் விவரத்தில் MAC முகவரி இருக்க வேண்டிய இடம் வெறுமையாகவோ முழுதும் பூஜ்யமாகவோ இருக்கிறது என்றால் டிவிக்குள் இருக்கும் வைஃபை பலகை போய்விட்டது. கடலை ஒட்டிய வீடுகளில், ஜன்னலுக்கு எதிரே மாட்டிய டிவிகளில் இணைப்பு முனைகள் உப்பேறி இப்படி ஆவதைப் பார்க்கிறேன். பின்மூடியை நீங்களே திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் மின்வழங்கிப் பகுதியில் ஆபத்தான அளவு மின்சாரம் தேங்கியிருக்கும்.

உத்தரவாதக் காலம் மீதமிருந்தால் சேவை மையத்தைக் கூப்பிடுங்கள். முடிந்திருந்தால் பலகையை மாற்றக் கேட்கும் தொகையையும், எச்டிஎம்ஐ துளையில் செருகும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்றின் விலையையும் ஒப்பிட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். ஸ்டிக்கில் வைஃபை தனியாக இருப்பதால் டிவியின் பலகை தேவைப்படாது. லேன் கேபிள் எட்டும் தூரத்தில் ரவுட்டர் இருந்தால் அந்தச் செலவும் வேண்டாம். கேபிளைச் செருகிவிட்டுப் படம் பார்க்கத் தொடங்கலாம்.